ரசீது இல்லாமல் கழியும் காசு
மியூச்சுவல் ஃபண்டில் ‘செலவு விகிதம்’ என்றால் என்ன?



நம் செஞ்சிப் பக்கத்தில் ‘ஃபண்டு’ என்று சொன்னால் தீபாவளி ஃபண்டு, நகைச்சீட்டு, ஏலச்சீட்டு என்றுதான் முதலில் நினைக்கிறோம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது அல்ல. செபி என்ற மத்திய அமைப்பின் கண்காணிப்பில் நடக்கும் மியூச்சுவல் ஃபண்டு பற்றியது. நம் உறுப்பினர்களில் சிலர் மகன், மகள் சொல்லியோ, வங்கியில் சொல்லியோ மாதம் 500, 1000 என்று இதில் கட்டி வருகிறார்கள். 2025 பிப்ரவரியில் எஸ்பிஐ மியூச்சுவல் ஃபண்டு மாதம் 250 ரூபாய்க்கே ‘ஜன்நிவேஷ்’ என்று ஒரு திட்டம் கொண்டு வந்த பிறகு, கேள்வி கேட்பவர்களும் கூடியிருக்கிறார்கள்.

கூட்டத்தில் நம்மவர்கள் பெரும்பாலும் கேட்பது, “எவ்வளவு கிடைக்கும்?” என்பதுதான். “எவ்வளவு பிடிப்பாங்க?” என்று யாரும் கேட்பதில்லை. குழுவில் கடன் வாங்கும்போது நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியா, ஒன்றரை ரூபாய் வட்டியா என்று எவ்வளவு கறாராகப் பேசுகிறோம்! அதே கறார் இங்கேயும் வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறோம்.

பிடித்தம் எப்படி நடக்கிறது?

மியூச்சுவல் ஃபண்டு என்பது பல லட்சம் பேர் போட்ட பணத்தை ஒன்றாகச் சேர்த்து, பங்குகளிலோ கடன் பத்திரங்களிலோ போட்டு வைக்கும் ஏற்பாடு. இதை நடத்த ஆள் வேண்டும், அலுவலகம் வேண்டும். எந்தப் பங்கை வாங்குவது என்று முடிவு செய்யும் மேலாளருக்குச் சம்பளம், கணக்கு எழுதும் நிறுவனத்துக்குக் கட்டணம், தணிக்கைச் செலவு, விளம்பரச் செலவு, நம்மைச் சேர்த்துவிட்ட ஏஜெண்டுக்கோ வங்கிக்கோ கமிஷன் என்று எல்லாம் இருக்கிறது. இந்தச் செலவையெல்லாம் கூட்டி, மொத்தப் பணத்தில் வருஷத்துக்கு இத்தனை சதவீதம் என்று சொல்வதுதான் செலவு விகிதம். ஆங்கிலத்தில் எக்ஸ்பென்ஸ் ரேஷியோ என்பார்கள்.

இதை நம்மிடம் யாரும் கை நீட்டிக் கேட்பதில்லை. ரசீதும் தருவதில்லை. ஃபண்டின் மொத்தப் பணத்திலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு துளி கழித்துவிட்டு, அதன் பிறகுதான் அன்றைய யூனிட் விலையை அறிவிக்கிறார்கள். அந்த விலைக்கு என்ஏவி என்று பெயர். செலவு விகிதம் 2 சதவீதம் என்றால், 10,000 ரூபாய்க்கு வருஷத்துக்கு 200 ரூபாய், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 55 பைசா. தினமும் 55 பைசா குறைந்தால் யாருக்குத் தெரியும்? பாஸ்புக்கில் ‘பிடித்தம்’ என்று ஒரு வரிகூட வராது. விலை ஏறும்போது கொஞ்சம் குறைவாக ஏறும், இறங்கும்போது கொஞ்சம் கூடுதலாக இறங்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

“உங்ககிட்ட ஒரு பைசா வாங்க மாட்டேன், எல்லாம் இலவசம்” என்று ஏஜெண்டு சொன்னால், அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. நம் கையிலிருந்து அவர் வாங்குவதில்லை. ஆனால் ஃபண்டு கம்பெனி அவருக்குக் கொடுக்கும் கமிஷன், நம் பணத்தில் பிடிக்கும் இந்தச் செலவுக்குள்தான் இருக்கிறது.

லாபத்தில் பங்கா, மொத்தத்தில் பங்கா?

இங்கேதான் பலரும் ஏமாந்து போகிறோம். “2 சதவீதம்தானே, நூற்றுக்கு ரெண்டு ரூபாய், போனால் போகட்டும்” என்று தோன்றும். நெல் கணக்கில் பார்த்தால் விஷயம் விளங்கும்.

நம்மிடம் 100 படி நெல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருஷத்தில் அது 110 படி ஆகிறது. வளர்ந்தது 10 படி. காவல்காரர் 2 சதவீதம் கேட்கிறார். அந்த 10 படியில் 2 சதவீதம் கேட்டால் கால் படி நெல்கூட வராது. ஆனால் அவர் கேட்பது முழுக் குவியலில் 2 சதவீதம். ஏறக்குறைய 2 படி போய்விடுகிறது. அதாவது வளர்ந்த 10 படியில் ஐந்தில் ஒரு பங்கு.

நெல் வளராத வருஷத்திலும் இதே பிடித்தம் உண்டு. பங்குச் சந்தை விழுந்து 100 படி 90 படியாக ஆனாலும், அந்த 90-லும் பிடிப்பார்கள். ஏனென்றால் செலவு விகிதம் லாபத்தின் மேல் போடப்படுவதில்லை. இருக்கும் பணம் முழுவதின் மேலும் போடப்படுகிறது.

இன்னொன்றும் உண்டு. எடுத்துக்கொண்டு போன 2 படி, சாப்பாட்டு நெல் அல்ல, விதை நெல். அது நம்மிடம் இருந்திருந்தால் அடுத்த வருஷம் முளைத்து விளைந்திருக்கும். அந்த விளைச்சல் அதற்கடுத்த வருஷம் மறுபடி விதையாகியிருக்கும். ராஜகிரிக் கோட்டை அடிவாரத்தில் பெரிய தானியக் களஞ்சியத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதன் சுவரில் ஒரு சின்ன ஓட்டை இருந்தால், அன்றைக்குச் சிந்திய நெல் மட்டும்தான் நஷ்டம். ஆனால் ஃபண்டில் சிந்துவது விதை நெல் என்பதால், பின்னால் வரவேண்டிய விளைச்சலும் சேர்ந்து நஷ்டம். அதனால்தான் வருஷம் கூடக் கூட, வித்தியாசம் நாம் நினைப்பதைவிட வேகமாகப் பெருகுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இரண்டு ஓரகத்திகள், ஆளுக்கு 10,000 ரூபாய் ஒரே நாளில் போடுகிறார்கள். இரண்டு ஃபண்டும் ஒரே மாதிரி பங்குகளை வைத்திருக்கின்றன. செலவு கழிப்பதற்கு முன் இரண்டும் வருஷத்துக்கு 10 சதவீதம் வளர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக மட்டும் எடுத்த எண். பங்குச் சந்தையில் இவ்வளவு கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. கணக்கு சுலபமாக இருக்க, செலவை நேராகக் கழித்துவிடுவோம்.

மூத்தவள் போட்ட ஃபண்டில் செலவு 2 சதவீதம். அவளுக்கு நிற்பது 8 சதவீதம். இளையவள் போட்ட ஃபண்டில் செலவு அரை சதவீதம். அவளுக்கு நிற்பது ஒன்பதரை சதவீதம்.

- 5 வருஷம் கழித்து: மூத்தவளுக்கு 14,693 ரூபாய். இளையவளுக்கு 15,742 ரூபாய். வித்தியாசம் 1,049 ரூபாய்.
- 10 வருஷம் கழித்து: மூத்தவளுக்கு 21,589 ரூபாய். இளையவளுக்கு 24,782 ரூபாய். வித்தியாசம் 3,193 ரூபாய்.
- 20 வருஷம் கழித்து: மூத்தவளுக்கு 46,610 ரூபாய். இளையவளுக்கு 61,416 ரூபாய். வித்தியாசம் 14,806 ரூபாய்.

போட்டது 10,000. வித்தியாசம் மட்டுமே 14,806. போட்ட முதலைவிட வித்தியாசம் பெரிதாகிவிட்டது! முதல் வருஷம் இருவருக்கும் இடையில் இருந்தது வெறும் 150 ரூபாய்தான்.

செலவே இல்லாமல் இருந்திருந்தால் 20 வருஷத்தில் 67,275 ரூபாய் ஆகியிருக்கும். அதில் போட்ட முதல் போக லாபம் 57,275. மூத்தவள் இழந்தது 20,665. அதாவது லாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே செலவுக்கே போய்விட்டது. ‘நூற்றுக்கு ரெண்டு’ என்று நினைத்தது, கடைசியில் நூற்றுக்கு முப்பத்தாறாக முடிந்திருக்கிறது.

மொத்தமாகப் போடாமல் நம்மைப் போல மாதம் 500 ரூபாய் கட்டினால்? 20 வருஷத்தில் கட்டும் தொகை 1,20,000. அதே 8 சதவீதத்தில் ஏறக்குறைய 2,86,000 ரூபாய் சேரும். ஒன்பதரை சதவீதத்தில் ஏறக்குறைய 3,41,000 சேரும். வித்தியாசம் 55,000 ரூபாய். மாதம் 500 வீதம் 110 மாதம் கட்டினால்தான் 55,000 வரும். அதாவது ஒன்பது வருஷத்துக்கு மேல் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அளவுக்கு, கண்ணுக்குத் தெரியாமலே கழிந்திருக்கிறது.

தெரிந்த பிடித்தமும் தெரியாத பிடித்தமும்

2009 ஆகஸ்டு மாதத்துக்கு முன்னால், ஃபண்டில் பணம் போடும்போதே ஒரு பிடித்தம் இருந்தது. நுழைவுக் கட்டணம், அதாவது என்ட்ரி லோட் என்று சொல்வார்கள். பங்கு ஃபண்டுகளில் பெரும்பாலும் 2.25 சதவீதம். 1000 ரூபாய் கொடுத்தால் 22 ரூபாய் 50 பைசா முதலிலேயே போய்விடும். கண்ணுக்குத் தெரிந்த பிடித்தம் என்பதால் எல்லோரும் கேள்வி கேட்டார்கள். செபி அதை நிறுத்திவிட்டது.

இப்போது நம் கணக்கில் பாருங்கள். ஒரே ஒரு தடவை 2.25 சதவீதம் பிடித்துவிட்டு, பிறகு எதுவும் பிடிக்காமல் இருந்தால், 10,000 ரூபாய்க்கு 20 வருஷக் கடைசியில் நஷ்டம் ஏறக்குறைய 1,514 ரூபாய். வருஷா வருஷம் 2 சதவீதம் பிடித்தால் நஷ்டம் 20,665 ரூபாய். உறுத்துவது முதல் பிடித்தம், ஆனால் கரைப்பது இரண்டாவது. அதனால், “சேரும்போது எதுவும் பிடிக்கலியே” என்று மட்டும் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது.

டைரக்ட், ரெகுலர் - என்ன வித்தியாசம்?

2013 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு ஃபண்டுக்கும் இரண்டு வழி உண்டு. ஏஜெண்டு அல்லது வங்கி மூலமாகச் சேர்ந்தால் ரெகுலர் பிளான். ஃபண்டு கம்பெனியிடம் நேராகச் சேர்ந்தால் டைரக்ட் பிளான். மேலாளர் ஒருவரே, வாங்கும் பங்குகளும் அதேதான். டைரக்ட் பிளானில் கமிஷன் இல்லை, அதனால் செலவு விகிதம் குறைவு. ஒரே ஃபண்டின் இரண்டு பிளானையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், டைரக்ட் பிளானின் யூனிட் விலை கூடுதலாக இருக்கும். அந்த இடைவெளி வருஷா வருஷம் அகலமாகிக்கொண்டே போகும். கமிஷன் எவ்வளவு கரைத்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

இன்னொரு பிரிவும் தெரிந்திருக்க வேண்டும். சில ஃபண்டுகளில் மேலாளர் பங்குகளைப் பொறுக்கி எடுப்பார். சில ஃபண்டுகளில் பொறுக்குவதே கிடையாது. நிஃப்டி பட்டியலில் உள்ள 50 பெரிய கம்பெனிகளின் பங்குகளை அதே அளவில் வாங்கி வைத்துவிடுவார்கள். இதற்கு இண்டெக்ஸ் ஃபண்டு என்று பெயர். அமெரிக்காவில் ஜான் போகுல் என்பவர் தொடங்கிய வேன்கார்டு நிறுவனம் 1976-ல் இந்த மாதிரி ஃபண்டைப் பொதுமக்களுக்குக் கொண்டுவந்தது. பொறுக்கும் வேலை இல்லாததால் செலவு குறைவு. நம் நாட்டிலும் இதற்கான உச்சவரம்பை மற்றப் பங்கு ஃபண்டுகளைவிடக் குறைவாகவே செபி வைத்திருக்கிறது.

உச்சவரம்பு என்றதும் இன்னொரு செய்தி. எவ்வளவு வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ள எந்த ஃபண்டுக்கும் உரிமை இல்லை. ஃபண்டில் சேர்ந்திருக்கும் மொத்தப் பணம் பெருகப் பெருக, பிடிக்கும் சதவீதம் குறைய வேண்டும் என்பது விதி. 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளில், ஃபண்டு கம்பெனி எடுக்கும் செலவும், ஜிஎஸ்டி, முத்திரைக் கட்டணம் போன்ற அரசு வரிகளும் தனித்தனியாகக் காட்டப்படுகின்றன. அதனால் ஒப்பிடும்போது, அடிப்படைச் செலவை மட்டும் பார்க்கிறோமா, வரியும் சேர்ந்த மொத்தச் செலவைப் பார்க்கிறோமா என்று கவனிக்க வேண்டும். இரண்டு ஃபண்டுக்கும் ஒரே மாதிரி எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

எங்கே பார்ப்பது?

முதலில் உங்கள் கணக்குத் தாளை எடுங்கள். ஃபண்டின் பெயரோடு Direct அல்லது Regular என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் காட்டுங்கள், ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடும்.

அடுத்து, அந்த ஃபண்டு கம்பெனியின் இணையதளத்திலோ, எல்லா ஃபண்டு கம்பெனிகளும் சேர்ந்த ஆம்ஃபி சங்கத்தின் amfiindia.com தளத்திலோ TER என்ற தலைப்பைத் தேடச் சொல்லுங்கள். அதுதான் மொத்தச் செலவு விகிதம். கம்பெனி மாதாமாதம் வெளியிடும் ஃபேக்ட்ஷீட்டிலும் இருக்கும். இது நிலையான எண் அல்ல, அவ்வப்போது மாறும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்த்துக்கொள்வது நல்லது.

ஒப்பிடும்போது ஒரே இனத்தைத்தான் ஒப்பிட வேண்டும். நிலக்கடலை விலையையும் நெல் விலையையும் ஒப்பிட்டு எது மலிவு என்று சொல்ல முடியாது அல்லவா? நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டை இன்னொரு நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் வைத்திருப்பது ஒரே 50 பங்குகள் என்பதால், செலவு குறைந்தது எது என்ற கேள்விக்கு இங்கே முழு அர்த்தம் உண்டு.

விளம்பரத்திலும் ஃபேக்ட்ஷீட்டிலும் போடும் வருமான சதவீதம், செலவு கழித்த பிறகு வந்தது. அதிலிருந்து மறுபடி ஒரு தடவை கழிக்க வேண்டாம். ஆனால் ரெகுலர் பிளானில் சேருகிறவரிடம் டைரக்ட் பிளானின் வருமானத்தைக் காட்டினால், “இது எந்த பிளான் கணக்கு?” என்று கேட்க வேண்டும்.

செலவு குறைந்தால் மட்டும் போதுமா?

போதாது. செலவு குறைந்த ஃபண்டும் சந்தை விழும்போது விழும். இரண்டு, மூன்று வருஷத்தில் பிள்ளை படிப்புக்கோ கல்யாணத்துக்கோ தேவைப்படும் பணத்தைப் பங்கு ஃபண்டில் போடவே கூடாது. அதற்கு அஞ்சலகமும் வங்கியும் இருக்கின்றன. குழுக் கடனோ வெளிக்கடனோ அதிக வட்டிக்கு இருந்தால், அதை அடைப்பதுதான் முதல் வேலை. வருஷத்துக்கு 24 சதவீதம் வட்டி கட்டிக்கொண்டு 10 சதவீதம் வருமா என்று காத்திருப்பதில் லாபம் இல்லை.

ஏஜெண்டு வேண்டவே வேண்டாம் என்றும் நாம் சொல்லவில்லை. கேஒய்சி எழுதித் தருவது, நாமினி பதிவது, வங்கிக் கணக்கு மாறினால் திருத்துவது, கணவன் இறந்தால் பணத்தை மனைவி பெயருக்கு மாற்ற அலைவது என்று உண்மையாகவே வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சந்தை விழும்போது, “பயந்து எடுத்துடாதீங்க அம்மா” என்று தடுத்து நிறுத்துகிறவர் இருந்தால், அவருக்குப் போகும் கமிஷன் வீணல்ல. தனியாக டைரக்டில் போட்டுவிட்டு, விழும்போது பதறி நஷ்டத்தில் எடுத்தால், மிச்சம் பிடித்த செலவைவிட இழப்பு பெரிதாகிவிடும். அவர் செய்யும் வேலை என்ன, அதற்கு வருஷத்துக்கு நம் பணத்தில் எவ்வளவு போகிறது என்று தெரிந்து கொடுக்க வேண்டும். அரை வருஷத்துக்கு ஒரு தடவை வரும் ஒருங்கிணைந்த கணக்குத் தாளில், நம் பெயரில் ஏஜெண்டுக்குப் போன கமிஷன் எவ்வளவு என்று ரூபாயிலேயே போட்டிருக்கும். அதைப் படித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஏற்கெனவே ரெகுலர் பிளானில் இருப்பவர்கள் அவசரப்பட்டு எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாற்றுவது, விற்று மறுபடி வாங்கியதாகவே கணக்கு. பல பங்கு ஃபண்டுகளில் ஒரு வருஷத்துக்குள் எடுத்தால் வெளியேறும் கட்டணம் உண்டு. லாபத்துக்கு வரியும் வரலாம். புதிதாகக் கட்டும் தவணையை மட்டும் டைரக்டுக்குத் திருப்பிவிட்டு, பழைய யூனிட்டுகளை ஒரு வருஷம் முடிந்த பின் யோசிப்பது சுலபமான வழி.

ஃபண்டில் பணம் கட்டும் உறுப்பினர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் கணக்குத் தாளையும் எடுத்து வாருங்கள். என்ன பிளான், என்ன செலவு விகிதம், உங்கள் தொகைக்கு வருஷத்தில் எத்தனை ரூபாய் என்று மூன்றையும் தாளின் ஓரத்தில் எழுதி வைப்போம். மொத்தத் தொகையை நூறால் வகுத்து, செலவு விகிதத்தால் பெருக்கினால் ரூபாய்க் கணக்கு வந்துவிடும். 40,000 ரூபாய் இருந்து விகிதம் ஒன்றரை என்றால், 400-ஐ ஒன்றரையால் பெருக்க 600 ரூபாய். குழுவில் வட்டி போடத் தெரிந்த நமக்கு இது பெரிய கணக்கு இல்லை.